ரீஸ்டார்ட் ஆனதும் டெஸ்க்டாப் பழைய மாதிரி ஆகிவிட்டதா? அறிகுறி பார்த்து வேலையை மீட்கும் வழி

பாம்பன், மண்டபம் பக்கம் பள்ளிக்கூட லேப், சங்க அலுவலகம், இன்டர்நெட் கடை என்று நிறைய இடங்களில் கம்ப்யூட்டரை "உறைய வைக்கும்" மென்பொருள் போட்டு வைத்திருப்பார்கள். பிள்ளைகள் எதைக் கெடுத்தாலும், பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறினாலும், ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் மெஷின் பழைய நிலைக்கு வந்துவிடும். பராமரிக்கிற ஆளுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் டெஸ்க்டாப்பில் நாள் முழுக்க வேலை செய்து சேமித்தவருக்கு, கரண்ட் போய் வந்த அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் காணாமல் போகும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இந்த மாதிரி அழைப்பு எனக்கு வராத வாரம் குறைவு.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள்கள் நீங்கள் சேமிப்பதை நிஜமாகவே டிஸ்க்கில்தான் எழுதுகின்றன, ஆனால் அசல் இடத்தில் இல்லை, சி டிரைவில் காலியாகக் கிடக்கிற இடத்தில். எது எங்கே எழுதப்பட்டது என்ற குறிப்பை மட்டும் தனியாக வைத்துக்கொள்கின்றன. ரீஸ்டார்ட் ஆனதும் அந்தக் குறிப்பைத் தூக்கி எறிகின்றன. எழுதப்பட்டது அங்கேயே கிடக்கிறது, ஆனால் விண்டோஸுக்கு அது வெறும் காலி இடம். அடுத்து யார் எதை எழுதினாலும் அதன் மேலேயே விழும், விண்டோஸ் தானாக எழுதுவதும் சேர்த்து. அதனால் மெஷின் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் உங்கள் ஃபைலுக்கு ஆபத்து.

ஆகவே இதைப் படிக்கும்போது உங்கள் மெஷின் ஏற்கெனவே ரீஸ்டார்ட் ஆகி டெஸ்க்டாப் காலியாக நின்றால், இப்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், ஷட்டவுன் வேண்டாம், அதுவும் எழுதும். மிச்சத்தைப் போனில் படித்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 1: இன்னும் ரீஸ்டார்ட் ஆகவில்லை, இப்போதுதான் விஷயம் தெரிந்தது

கடிகாரத்துக்குப் பக்கத்தில் துருவக் கரடி ஐகான் இருந்தால் அது டீப் ஃப்ரீஸ். கரடி மேல் சிவப்புப் பெருக்கல் குறி மின்னினால் உறைநிலை நீங்கியிருக்கிறது, குறி இல்லாவிட்டால் உறைந்திருக்கிறது. சில இடங்களில் ஐகானையே மறைத்து வைத்திருப்பார்கள், அதனால் ஐகான் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மீட்பதற்கு இங்கே ஒன்றும் இல்லை, வெளியே எடுத்தால் போதும். பென்டிரைவில் நகல் எடுங்கள், மெயிலில் இணைத்து உங்களுக்கே அனுப்புங்கள். பலர் செய்கிற தவறு என்னவென்றால், "உறைநிலையை எடுத்துவிட்டால் ஃபைல் தங்கிவிடும்" என்று நினைத்து பாஸ்வேர்டு போட்டு அமைப்பை மாற்றுவது. டீப் ஃப்ரீஸில் அந்த மாற்றம் அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் நடப்புக்கு வரும். அந்த ரீஸ்டார்ட்டிலேயே இன்றைய வேலை போய்விடும். அதனால் முதலில் நகல், அப்புறம் எதுவானாலும்.

சில விண்டோஸ் பதிப்புகளுடனேயே வருகிற, இதே உறைய வைக்கும் வேலையைச் செய்யும் யூனிஃபைட் ரைட் ஃபில்டர் போட்டிருக்கும் மெஷின் என்றால் அங்கே ஒரு வசதி உண்டு. அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து நிலவரம் பாருங்கள், பிறகு வேண்டிய ஃபைலை மட்டும் நிரந்தரமாக்கலாம்:

```
uwfmgr get-config
uwfmgr file commit C:\Users\lab\Desktop\list.xlsx
```

முதல் கட்டளை காட்டுவதில் `Type: RAM` என்று இருக்கிறதா, `DISK` என்று இருக்கிறதா என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். `RAM` என்றால் நீங்கள் எழுதியதெல்லாம் மெமரியில்தான் இருக்கிறது, டிஸ்க்குக்கு வரவே இல்லை. கரண்ட் போனால் மீட்க ஒரு வழியும் கிடையாது. கீழே நான் சொல்லும் டிஸ்க் தேடல் அந்த மெஷினில் பலிக்காது, அதில் நாளைச் செலவழிக்க வேண்டாம்.

## அறிகுறி 2: டெஸ்க்டாப் காலி, ஆனால் இந்த மென்பொருள்தான் காரணமா என்று தெரியவில்லை

டெஸ்க்டாப் காணாமல் போனதற்கெல்லாம் உறைநிலை காரணம் அல்ல. விண்டோஸ் சில நேரம் உங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தற்காலிகக் கணக்கில் உள்ளே விட்டுவிடும். அப்போது `C:\Users` உள்ளே `TEMP` என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், உங்கள் பெயர் ஃபோல்டரும் பத்திரமாக இருக்கும், அதன் உள்ளே `Desktop` போய்ப் பார்த்தால் எல்லாம் அப்படியே கிடக்கும். இது நல்ல செய்தி, நகல் எடுத்தால் வேலை முடிந்தது.

உறைநிலை என்றால் எப்படித் தெரியும்? நான் பார்ப்பது ஈவன்ட் வியூவரை. `eventvwr` என்று அடித்து, Windows Logs, System போய் வரிசையைப் பாருங்கள். இன்று காலை முதல் சில பதிவுகள் இருக்கும், அதற்கு நேர் கீழே மூன்று மாதம், எட்டு மாதம் முந்தைய தேதி நிற்கும். நடுவில் ஒன்றுமே இருக்காது. அந்தப் பழைய தேதிதான் யாரோ இந்த மெஷினைக் கடைசியாக உறைய வைத்த நாள். வால்பேப்பர், பிரவுசர் வரலாறு, சமீபத்தில் திறந்த ஃபைல்களின் பட்டியல் எல்லாமே அந்த நாளுக்குப் போயிருந்தால் வேறு சந்தேகம் வேண்டாம். இதைப் பார்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள், பார்த்தவுடன் அணைத்துவிடுங்கள்.

## அறிகுறி 3: ரீஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆனால் ஃபைல் வேறு வழியில் வெளியே போயிருக்கலாம்

டிஸ்க்கைத் தோண்டுவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தவரிடம் பேசுங்கள். அந்த ஃபைல் இந்த மெஷினை விட்டு எப்போதாவது வெளியே போனதா? வாட்ஸ்அப் வெப்பில் தலைமையாசிரியருக்கு அனுப்பினார்களா? பிரின்ட் போட ஜெராக்ஸ் கடைக்கு மெயில் செய்தார்களா? அனுப்பிய பழைய பிரதி ஒன்று இருந்தாலும் பாதி வேலை மிச்சம். வேறு மெஷினிலிருந்தோ போனிலிருந்தோ பாருங்கள்.

பெரும்பாலும் உறைய வைப்பது சி டிரைவை மட்டும்தான். அதனால் டி டிரைவ், பென்டிரைவ் இரண்டும் மிக முக்கியம். ஃபைலைப் பென்டிரைவிலிருந்தே திறந்து வேலை செய்தார்கள் என்றால் இன்னொரு நம்பிக்கை உண்டு. வேர்டும் எக்ஸலும் சேமிக்கும்போது அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலை முழுதாக எழுதி, பிறகு பெயரை மாற்றி, பழையதை அழிக்கின்றன. அழிந்த அந்தப் பழைய பிரதிகள் பென்டிரைவின் காலி இடத்தில் கிடக்கும். அந்தப் பென்டிரைவில் புதிதாக எதையும் போடாமல், கீழே சி டிரைவுக்குச் சொல்லும் அதே முறையில் அதையும் தேடலாம்.

ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பைச் சேமித்துக்கொண்டிருந்த கணக்கு என்றால், மெஷினைத் திறக்காமல் போனில் பிரவுசர் வழியாக ஒன்டிரைவ் உள்ளே நுழைந்து பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் அதன் குப்பைத் தொட்டியையும் பாருங்கள், சொந்தக் கணக்கில் 30 நாள் வரை அழித்தவை அதில் இருக்கும்.

வேர்டின் தானியங்கி மீட்பு ஃபைல்களைத் தேடச் சொல்லி நிறைய பேர் ஆலோசனை தருவார்கள். அவை இருப்பதும் சி டிரைவில்தான், `AppData` உள்ளே. டெஸ்க்டாப்போடு அவையும் பழைய நாளுக்குப் போய்விட்டன. உறைந்த மெஷினில் அங்கே தேடுவதால் நேரமும் போகும், மெஷின் ஓடுவதால் டிஸ்க்கிலும் எழுதப்படும்.

## அறிகுறி 4: ஃபைல் சி டிரைவில் மட்டும்தான் இருந்தது, டிஸ்க் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்

இதுதான் உண்மையில் போராட வேண்டிய இடம், வெற்றி கிடைக்கிற இடமும் இதுதான். ஒரு நிஜச் சம்பவத்தோடு சொல்கிறேன்.

2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதி முடிகிறது, போட்டுகளைக் கடலில் இறக்குகிற அவசரத்தில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சங்க அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் விசைப்படகு உரிமையாளர் பட்டியலை மூன்று நாளாக எக்ஸலில் ஏற்றிக்கொண்டிருந்தார். படகு எண், உரிமையாளர், வங்கிக் கணக்கு, போன் நம்பர் என்று நானூறு வரிக்கு மேல். மூன்று நாளும் மெஷினை அணைக்காமல் ஸ்கிரீனை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார், அதனால்தான் முதல் இரண்டு நாளும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரியின் முனைகள் உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடந்தன, ஒரு நொடிகூடத் தாங்கவில்லை.

"அண்ணே, ஃபோல்டரே இல்லண்ணே, மூணு நாள் வேலைண்ணே" என்று அழுகைக் குரலில் போன் வந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி, மெஷின் இப்ப ஓடுதா?" ஓடிக்கொண்டிருந்தது. திரும்ப வந்துவிடும் என்று நம்பி இன்னும் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்திருக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு மீட்பு மென்பொருளை வேறு சி டிரைவிலேயே இறக்கி இன்ஸ்டால் செய்துகொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன்.

அங்கே போனபோது நான் கொண்டு போனவை இரண்டு: SystemRescue போட்ட ஒரு பென்டிரைவ், 500 ஜிபி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று. SystemRescue என்பது பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ், இதற்குத் தேவையான கருவிகள் அதிலேயே இருக்கும். வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபாட் வடிவத்தில் இருக்கட்டும். ஃபாட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக எழுத முடியாது, நகல் பாதியில் நின்றுவிடும்.

பென்டிரைவிலிருந்து மெஷினைத் திறந்ததும் டிஸ்க்குகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும்:

```
lsblk -o NAME,SIZE,FSTYPE,LABEL,MODEL
```

அந்த மெஷினில் சி டிரைவ் 120 ஜிபி, அது `sda2`. வெளி டிஸ்க் `sdc1`. உங்களுக்கு வேறு எழுத்து வரலாம், அளவையும் பெயரையும் இரண்டு தடவை சரிபாருங்கள். இங்கே மாற்றிப் போட்டால் இருப்பதும் அழியும். பிறகு சி டிரைவை அப்படியே ஒரே ஃபைலாக நகல் எடுக்க வேண்டும்:

```
mkdir /mnt/out
mount /dev/sdc1 /mnt/out
ddrescue -n /dev/sda2 /mnt/out/c.img /mnt/out/c.map
```

எதற்கு நகல், நேரடியாகத் தேடினால் என்ன என்று கேட்பார்கள். நகல் எடுத்த பிறகு அசல் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம், எத்தனை தடவை தவறு செய்தாலும் நகலில்தான் செய்வீர்கள். அதோடு உப்புக் காற்றில் வருடக்கணக்காக ஓடிய டிஸ்க் எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது, ddrescue படிக்க முடியாத இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போகும். நொடிக்கு 80 எம்பி வேகத்தில் 120 ஜிபிக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது.

அடுத்தது தேடல். இங்கேதான் நிறைய பேர் வழி தவறுகிறார்கள். அழிந்த ஃபைலைப் பெயரோடு காட்டும் சாதாரண மீட்பு மென்பொருள்கள் டிஸ்க்கின் பெயர்ப் பட்டியலைப் படித்துத்தான் சொல்கின்றன. நம் விஷயத்தில் அந்தப் பட்டியலே பழைய நாளுக்குப் போய்விட்டது, அதில் இந்த ஃபைல் பிறக்கவே இல்லை. அதனால் அவை பத்து வருடம் முந்தைய குப்பையெல்லாம் காட்டும், நேற்றைய ஃபைலைக் காட்டாது. "ஸ்கேன் செய்து பார்த்தேன், இல்லை" என்று கைவிட்டவர்கள் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் கைவிட்டிருப்பார்கள். பெயரை விட்டுவிட்டு, ஃபைலின் உள்ளடக்கம் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தேட வேண்டும். அதற்கு PhotoRec:

```
photorec /mnt/out/c.img
```

பெயரைப் பார்த்து போட்டோவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், ஆவணங்களையும் எடுக்கும். உள்ளே `File Opt` போய் `s` அழுத்தினால் எல்லா வகையும் நீங்கும், பிறகு வேண்டியதை மட்டும் குறியுங்கள். எக்ஸல், வேர்டின் இப்போதைய ஃபைல்கள் உள்ளே ஜிப் வடிவம்தான், அதனால் `zip` குறிக்க வேண்டும். 97-2003 வடிவத்தில் சேமித்தவை என்றால் `doc`. கோப்பு முறைமை கேட்கும்போது `Other`. கடைசியாக `Free`, `Whole` என்று இரண்டு கேட்கும். முதலில் `Free` கொடுங்கள். நம் ஃபைல் கிடப்பது காலி இடம் என்று விண்டோஸ் நினைக்கிற பகுதியில்தான், அதை மட்டும் தேடினால் தேவையில்லாதவை குறையும். அதில் கிடைக்காவிட்டால் மட்டும் `Whole`. வேறு வேறு மென்பொருள்கள் காலி இடத்தை வேறு விதமாகக் கையாளுகின்றன, அதனால் இரண்டாவது முயற்சியும் வீணில்லை. எடுத்தவற்றைப் போட வேண்டிய இடம் வெளி டிஸ்க், சி டிரைவ் அல்ல.

## அறிகுறி 5: நூற்றுக்கணக்கில் ஃபைல்கள் வந்தன, எதிலும் பெயர் இல்லை

அன்று `xlsx` மட்டும் இருநூற்றுச் சொச்சம் வந்தது, எல்லாம் `f0481920.xlsx` என்பது மாதிரி எண்களோடு. ஒவ்வொன்றாகத் திறந்தால் விடிந்துவிடும். ஃபைலுக்குள் கண்டிப்பாக இருக்கும் ஒரு எழுத்துத் தொடரை நினைத்துப் பாருங்கள். இராமேசுவரம் விசைப்படகுகளின் எண்ணில் `IND-TN-10-MM` வரும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் அது இருக்கிறது. எக்ஸல் ஃபைலை ஜிப்பாகத் திறந்தால் எழுத்துகள் எல்லாம் `sharedStrings.xml` என்ற ஒரே இடத்தில் இருக்கும், அதில் மட்டும் தேடினால் போதும்:

```
cd /mnt/out
for f in recup_dir.*/*.xlsx; do
  unzip -p "$f" xl/sharedStrings.xml 2>/dev/null |
    grep -q 'TN-10-MM' && echo "$f"
done
```

பதினொரு ஃபைல் வந்தது. ஒரே பட்டியல் ஏன் பதினொரு தடவை? ஒவ்வொரு சேமிப்புக்கும் எக்ஸல் முழு ஃபைலையும் புதிதாக எழுதுகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தப் பழைய பிரதிகளெல்லாம் இவை. அடிக்கடி சேமிக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கிறது, ஒரு பிரதி மேலெழுதப்பட்டாலும் இன்னொன்று தப்பிக்கும்.

இதில் புதியது எது என்று ஃபைலின் தேதியைப் பார்த்து நம்பாதீர்கள். ஃபைலுக்குள்ளேயே கடைசியாகச் சேமித்த நேரம் இருக்கிறது:

```
unzip -p recup_dir.3/f0481920.xlsx docProps/core.xml |
  grep -o '<dcterms:modified[^/]*'
```

அதில் `2025-06-10T10:02:16Z` என்று வந்தது. கடைசியில் உள்ள `Z` உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அதாவது மாலை 3:32. தான் கடைசியாகச் சேமித்தது மூன்றே முக்கால் வாக்கில் என்று அந்தப் பெண் சொன்னார். ஆக அதுதான் கிடைத்ததிலேயே புதிய முழுப் பிரதி, கடைசிச் சேமிப்பு போய்விட்டது. இரண்டாவது ரீஸ்டார்ட்டிலோ அந்த மென்பொருளை இறக்கியபோதோ அதன் மேல் ஏதோ விழுந்திருக்கும். திறந்து எண்ணிப் பார்த்தால் ஒன்பது வரி குறைவு. அந்த ஒன்பதும் படிவமாக மேசையில் இருந்தது, கால் மணியில் ஏற்றிவிட்டார்.

இதே வேலையை வேர்டு ஃபைலுக்குச் செய்ய `*.docx` என்றும் `word/document.xml` என்றும் மாற்றுங்கள். அங்கே நம் ஆட்களுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கல் உண்டு, இதை வேறு யாரும் சொல்லித் தர மாட்டார்கள். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தும், பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாமினியில் அடித்த "மண்டபம்" ஃபைலுக்குள் தமிழாக இருக்காது, `kz;lgk;` என்று இருக்கும். "தமிழ்" என்பது `jkpo;`. யூனிகோடில் "மண்டபம்" என்று தேடினால் ஒன்றும் வராது, ஃபைல் இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்று கேளுங்கள், அதே எழுத்துருவில் ஒரு சொல்லை அடித்து, ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள், திரையில் தெரிவதைத்தான் தேட வேண்டும். இன்னொன்று, வேர்டு சில நேரம் ஒரு சொல்லையே இரண்டு துண்டாக்கிச் சேமிக்கும். அதனால் நீளமான சொல்லைத் தேடாதீர்கள், நாலைந்து எழுத்து போதும்.

ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். பலர் பயன்படுத்தும் மெஷினில் இப்படித் தோண்டும்போது மற்றவர்களின் ஆதார் நகல், பாஸ்புக் பக்கம், பிள்ளைகளின் போட்டோ எல்லாம் வெளியே வரும். வேண்டிய ஃபைலை எடுத்ததும் அந்த `recup_dir` ஃபோல்டர்களையும் `c.img` நகலையும் உரியவர் முன்னிலையிலேயே அழித்துவிடுங்கள். நான் கடைக்கு எடுத்துக்கொண்டு போவதில்லை.

## அறிகுறி 6: ஃபைல் கிடைத்தது, ஆனால் திறக்க மறுக்கிறது

ஜிப்பின் அட்டவணை ஃபைலின் கடைசியில் இருக்கிறது. வால் பகுதி மேலெழுதப்பட்டால் எக்ஸல் திறக்காது, மேலே சொன்ன தேடலிலும் சிக்காது, ஏனென்றால் `unzip` அந்த அட்டவணையைத்தான் முதலில் படிக்கும். சரியான பிரதி ஒன்றும் சிக்காதபோது இப்படி முயலுங்கள்:

```
zip -FF broken.xlsx --out fixed.xlsx
```

பிறகு எக்ஸலில் Open பட்டனின் பக்க அம்புக்குறியில் `Open and Repair` கொடுங்கள். சில நேரம் எண்கள் வரும், எழுத்துகள் வராது. எண்கள் ஒரு ஃபைலிலும் எழுத்துகள் `sharedStrings.xml`-லும் தனித்தனியாக இருப்பதால் ஒன்று தப்பி ஒன்று போயிருக்கும். படகு எண் போய் வங்கிக் கணக்கு எண் மட்டும் நின்றால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, முந்தைய பிரதியே மேல். பெரிய வீடியோ, நீளமான பிரசன்டேஷன் போன்றவை துண்டு துண்டாகக் கிடக்கும், PhotoRec அவற்றை ஒட்டவைக்காது. சில எம்பிக்குள் இருக்கும் ஆவணங்களில்தான் நம்பிக்கை அதிகம்.

## அறிகுறி 7: எஸ்எஸ்டி உள்ள மெஷின், தேடினால் ஒன்றுமே வரவில்லை

எஸ்எஸ்டியில் காலி இடம் எது என்று விண்டோஸ் டிஸ்க்குக்கு அவ்வப்போது சொல்லிவிடும், டிரிம் என்பது அதன் பெயர். சொன்னதும் டிஸ்க் அந்த இடங்களை வெறுமையாக்கிவிடும், அதன் பிறகு எந்தக் கருவிக்கும் படிக்க எதுவும் இருக்காது. இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், `Free` தேடலில் உங்கள் ஃபைல் மட்டுமல்ல, வருடக்கணக்காக அழிந்த எதுவுமே வராமல் போனால் டிரிம் நடந்திருக்கிறது. பழைய குப்பை நிறைய வந்து உங்கள் ஃபைல் மட்டும் இல்லாவிட்டால் `Whole` கொடுத்து இன்னொரு முறை பார்க்கலாம். ரீஸ்டார்ட் ஆன சில நிமிடங்களிலேயே அணைத்த எஸ்எஸ்டி என்றால் முயன்று பாருங்கள், இரண்டு நாள் ஓடியது என்றால் பணம் செலவழிக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

`lsblk` பட்டியலில் சி டிரைவுக்கு எதிரே `BitLocker` என்று வந்தால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. அப்படியே நகல் எடுத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அந்த மெஷினில் நுழையப் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கலாம், பள்ளிக் கணக்கென்றால் அதை நிர்வகிப்பவரிடம் கேளுங்கள். எண் கிடைத்த பிறகு `cryptsetup open --type bitlk /dev/sda3 win` என்று திறந்து, `/dev/mapper/win` என்பதை நகல் எடுத்துத் தேடுங்கள், இங்கேயும் `sda3` என்பதை உங்கள் மெஷினில் உள்ளபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

## அதே மெஷினைத் திரும்ப வேலைக்கு விடும்போது

அந்தச் சங்க அலுவலகத்தில் மென்பொருளை எடுக்கச் சொல்லவில்லை, அது இருக்கட்டும். டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் உறையாத டி டிரைவுக்கு மாற்றினோம். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து `Properties`, `Location` போய் `D:\Desktop` என்று கொடுத்து `Apply`. இதை உறைநிலை நீக்கிய பிறகே செய்ய வேண்டும். உறைந்திருக்கும்போது செய்தால் அன்றைக்கு எல்லாம் சரியாக நடப்பது போலத் தெரியும், அடுத்த ரீஸ்டார்ட்டில் அந்த மாற்றமும் மறைந்து டெஸ்க்டாப் மறுபடி சி டிரைவுக்கே வந்துவிடும். டீப் ஃப்ரீஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு கரடியை இரட்டைக் கிளிக் செய்து, பாஸ்வேர்டு போட்டு, `Boot Thawed` தேர்ந்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், மாற்றத்தைச் செய்யுங்கள், பிறகு `Boot Frozen` கொடுத்து மீண்டும் ரீஸ்டார்ட்.

முடிந்ததும் டெஸ்க்டாப்பில் அன்றைய தேதியைப் பெயராக வைத்து ஒரு ஃபைலைப் போட்டு, கரண்ட் போவது போலவே சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். ஃபைல் இருந்தது. அப்புறம்தான் அந்தப் பெண் பட்டியலை டெஸ்க்டாப்பில் வைத்தார், ஒரு நகலைப் பென்டிரைவிலும் எடுத்துக்கொண்டார்.